சிலிண்டர் எத்தனை நாள் வரும்? அடுப்பு எரியும் நேரத்தை வைத்துக் கணக்கிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிலிண்டர் எத்தனை நாளைக்குங்க வரும்? நேரா ஒரு நம்பர் சொல்லுங்க.

நாலு பேர் இருக்கும் வீட்டில், சமையலுக்கு மட்டும் என்றால் ஏறத்தாழ 45 நாள். குளிக்க வெந்நீரும் அதே அடுப்பில் வைத்தால் 30 முதல் 35 நாள். ஈரோடு, கோபி, பெருந்துறை பக்கம் அடுப்பு சர்வீஸுக்குப் போகும் வீடுகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது.

ஆனால் உங்கள் வீட்டு நம்பர் உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் அடுத்த வீட்டைக் கேட்டுப் பயனில்லை. கணக்கு சுலபம். வீட்டு சிலிண்டரில் இருக்கும் கேஸ் 14.2 கிலோ, அதாவது 14,200 கிராம். ஒரு நாளைக்கு எத்தனை கிராம் எரிக்கிறீர்கள் என்று தெரிந்தால் வகுத்துப் பார்த்துவிடலாம்.

நாட்கள் = 14,200 ÷ ஒரு நாள் செலவு (கிராமில்)

சிரமம் எல்லாம் அந்த ஒரு நாள் செலவைக் கண்டுபிடிப்பதில்தான். அதற்கு இரண்டு விஷயம் வேண்டும்: எந்த பர்னர் எத்தனை நிமிடம் எரிந்தது, அந்த பர்னர் நிமிடத்துக்கு எத்தனை கிராம் எடுக்கிறது.

எரியற நேரத்தை எப்படிங்க எழுதி வைக்கிறது? அடுப்படில நின்னுக்கிட்டு கடிகாரம் பாத்துட்டே இருக்க முடியுமா?

மூன்று நாள் மட்டும் எழுதினால் போதும். இரண்டு சாதாரண நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கமே இதற்குப் போதுமானது. பற்ற வைக்கும்போது மணியை எழுதுங்கள், அணைக்கும்போது எழுதுங்கள். பக்கத்தில் மூன்று குறிப்பு: பெரிய பர்னரா சிறியதா, முழுத்தீயா பாதியா சிம்மா, எதற்காக.

இதில் எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில். "காலையில் ஆறரைக்கு ஆரம்பித்து ஏழரைக்கு முடித்தேன், ஒரு மணி நேரம்" என்று எழுதிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் இட்லி ஒரு பக்கம் வெந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் சாம்பார் கொதித்திருக்கும். அது இரண்டு பர்னரின் நேரம். அதே சமயம், நடுவில் பத்து நிமிடம் எதுவுமே எரியாமல் காய் நறுக்கியிருப்பீர்கள். சமையல் நேரம் வேறு, எரிந்த நேரம் வேறு. ஒவ்வொரு பர்னருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும்.

தீயின் அளவையும் விட்டுவிடக் கூடாது. சிம்மில் இருபது நிமிடம் எரிந்த கேஸ், பெரிய பர்னரில் முழுத்தீயில் ஐந்து நிமிடத்தில் எரிந்துவிடும். இதைப் பிரிக்காமல் மொத்த நிமிடத்தை மட்டும் கூட்டினால் கணக்கு எங்கேயோ போய்விடும். எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கீழே ஒரு வீட்டுக் கணக்கில் காட்டுகிறேன்.

என் அடுப்பு நிமிஷத்துக்கு எவ்வளவு கேஸ் எடுக்கும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நல்ல நிலையில் இருக்கும் வீட்டு அடுப்புகளுக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவு இது. பெரிய பர்னர் முழுத்தீயில் நிமிடத்துக்கு 3 கிராம். சிறிய பர்னர் முழுத்தீயில் 2 கிராம். பெரிய பர்னரைப் பாதியாகக் குறைத்தால் ஒன்றரை கிராம். சிம்மில் முக்கால் கிராம். அடுப்புக்கு அடுப்பு மாறும் என்றாலும் தொடங்குவதற்கு இது போதும்.

உங்கள் அடுப்பின் சொந்த அளவு வேண்டுமென்றால் தண்ணீரை வைத்துப் பார்க்கலாம். அடி அகலமான, மூடி உள்ள பாத்திரத்தில் சரியாக 2 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். குடத்தில் இருக்கும் சாதாரணத் தண்ணீர், ஃபிரிட்ஜ் தண்ணீர் வேண்டாம். மூடி வைத்து முழுத்தீயில் ஏற்றி, நன்றாகத் தளதளவென்று கொதி வரும் வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள்.

27 டிகிரி தண்ணீர் 2 லிட்டரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர ஒரு குறிப்பிட்ட அளவு சூடு தேவை. அடுப்பிலிருந்து வரும் சூட்டில் நூற்றுக்கு அறுபது பங்கு பாத்திரத்துக்குள் போகிறது, மிச்சம் பக்கவாட்டில் வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஏறத்தாழ 21 கிராம் கேஸ் எரிய வேண்டும். எனவே 21-ஐ நிமிடத்தால் வகுத்தால் உங்கள் பர்னரின் அளவு வந்துவிடும். 7 நிமிடத்தில் கொதித்தால் நிமிடத்துக்கு 3 கிராம். பத்தரை நிமிடம் ஆனால் 2 கிராம்.

அந்த அறுபது பங்கு என்பது சராசரி. பாத்திரம் சிறியதாக இருந்து தீ வெளியே நக்கினால் ஐம்பதுக்கு இறங்கும். ஜன்னல் காற்று நேரே அடுப்பில் அடித்தாலும் குறையும். அதனால் இந்த முறையில் வரும் அளவு ஆறில் ஒரு பங்கு முன்னே பின்னே இருக்கலாம். சிம்மை இப்படி அளக்கவே முடியாது. அதில் தண்ணீர் கொதிக்கவே வெகுநேரமாகும், அதற்குள் பாதிச் சூடு காற்றோடு போய்விடும். சிம்முக்குப் பெரிய பர்னரின் முழு அளவில் கால்வாசி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டுக் கணக்கை முழுசாப் போட்டுக் காட்டுங்க, அப்பத்தான் புரியும்.

சரி, பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக் கணக்கு. அக்கா, மாமா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். அடுப்பில் இரண்டு பர்னர். தண்ணீர் வைத்துப் பார்த்ததில் பெரியது 7 நிமிடம், சிறியது பத்தரை நிமிடம். ஆக 3 கிராம், 2 கிராம்.

காலையில் பால் காய்ச்சிக் காபி போட சிறிய பர்னர் 10 நிமிடம்: 20 கிராம். இட்லி இரண்டு ஈடு, பெரிய பர்னரில் 22 நிமிடம்: 66 கிராம். சாம்பாரும் சட்னிக்குத் தாளிப்பும் சிறிய பர்னரில் 20 நிமிடம்: 40 கிராம்.

மதியத்துக்கு சாதம் குக்கரில். முதல் விசில் வரும் வரை பெரிய பர்னர் முழுத்தீயில் 10 நிமிடம், 30 கிராம். அதற்குப்பின் சிம்மில் 10 நிமிடம், ஏழரை கிராம். குழம்பு சிறிய பர்னரில் 20 நிமிடம்: 40 கிராம். பொரியல் அதே பர்னரில் 12 நிமிடம்: 24 கிராம்.

சாயங்காலம் டீ 8 நிமிடம்: 16 கிராம். ராத்திரி தோசைக்குப் பெரிய பர்னர் பாதித் தீயில் 25 நிமிடம்: முப்பத்தேழரை கிராம். படுக்கும் முன் பிள்ளைகளுக்குப் பால் 5 நிமிடம்: 10 கிராம்.

கூட்டினால் 291 கிராம். 14,200-ஐ இதால் வகுத்தால் 48 நாளுக்கு மேல், கிட்டத்தட்ட 49.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். எரிந்த நிமிடங்களை மட்டும் கூட்டினால் 142 நிமிடம். எல்லாமே பெரிய பர்னர் முழுத்தீ என்று நினைத்து 3-ஆல் பெருக்கினால் 426 கிராம் வரும். சிலிண்டர் 33 நாள்தான் என்று கணக்கு சொல்லும். ஒரே வீடு, ஒரே நாள். பர்னரையும் தீயின் அளவையும் பிரித்து எழுதாததால் மட்டுமே 16 நாள் வித்தியாசம்.

இனி ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நாட்டுக்கோழி வேகும், மதியத்துக்கு யாராவது வந்துவிடுவார்கள், சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஏதாவது பலகாரம். எழுதிப் பார்த்ததில் 500 கிராம் வந்தது. ஆறு நாள் 291, ஒரு நாள் 500 என்றால் வாரத்துக்கு 2,246 கிராம், நாளுக்குச் சராசரி 321. சிலிண்டர் 44 நாள்.

ஆனால் அக்கா வீட்டில் 44 நாள் வருவதில்லை. காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

குளிக்கத் தண்ணி காய வைக்கிறதையும் எழுதணுமா? அது சமையல் இல்லீங்களே.

அதைத்தான் முதலில் எழுத வேண்டும். ஒரு ஆளுக்கு 5 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பச்சைத் தண்ணீரில் விளாவுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 5 லிட்டருக்கு 50 கிராமுக்குச் சற்று மேலே கேஸ் ஆகிறது. பெரிய பர்னரில் ஏறத்தாழ 17 நிமிடம். மதியச் சாதத்துக்கு ஆனதைவிட ஒரு ஆளின் குளியலுக்கு ஆகும் கேஸ் அதிகம்.

அக்கா வீட்டில் பிள்ளைகள் இருவருக்கும் கேஸில்தான் வெந்நீர். நாளுக்கு 100 கிராம் கூடுகிறது. 321-உடன் 100 சேர்த்தால் 421. வகுத்தால் 33.7, அதாவது 34 நாள். வெந்நீர் மட்டுமே பத்து நாளை எடுத்துக்கொண்டது.

மாமா மட்டும் வெளியில் விறகடுப்புத் தண்ணீரில் குளிக்கிறார். தென்னந்தோப்பு இருக்கும் வீடுகளில் மட்டையும் தொட்டியும் பாளையும் சும்மா கிடக்கும். அங்கே வெந்நீரை வெளியே வைத்துக்கொள்வதால் ஒரு சிலிண்டர் பத்துப் பதினைந்து நாள் கூடுதலாக வருகிறது. நாலு பேருக்கும் கேஸிலேயே என்றால் நாளுக்கு 200 கிராம் ஆகும். அப்படிப்பட்ட வீட்டில் 27 நாளில் தீர்ந்தால் அடுப்பில் எந்தக் கோளாறும் இல்லை.

மார்கழி, தை மாதங்களில் குடத்துத் தண்ணீரே சில்லென்று இருக்கும். அதே 5 லிட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு கேஸ் கூடும். குளிருக்குக் கூடுதலாக ஒரு சொம்பு வெந்நீரும் எடுப்போம் அல்லவா, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் சரிதானான்னு எப்படிப் பாக்கறது?

எடை போட்டுப் பார்ப்பதுதான் ஒரே சாட்சி. சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கி நிற்கும் பட்டைகளில் வெறும் சிலிண்டரின் எடை எழுதியிருக்கும். பெரும்பாலும் 15 கிலோவுக்கு மேல் 17-க்குள். தசமப் புள்ளியோடு இருக்கும் எண்ணைப் பாருங்கள். A, B, C, D என்று எழுத்தோடு தொடங்குவது அடுத்த சோதனைக்கான காலாண்டும் வருடமும். அதற்கும் எடைக்கும் சம்பந்தமில்லை.

நம் ஊர்ப்பக்கம் தராசுக்குப் பஞ்சமில்லை. மஞ்சள், கொப்பரை, பருத்தி எதையாவது எடை போடுகிறவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். 50 கிலோ வரை தாங்கும் எலக்ட்ரானிக் தராசை வீட்டுக்குக் கொண்டுவருவது நல்லது. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, நிமிர்த்தி வைத்து எடை பாருங்கள். இரண்டாம் முறையும் அதே தராசு, அதே மாதிரி மூடியோடு.

அக்கா வீட்டுச் சிலிண்டரின் வெற்று எடை 15.7 கிலோ. புதிதாக வந்த அன்று 29.9 இருந்தது, கழித்தால் சரியாக 14.2. ஏழு நாள் கழித்து 26.9. அதாவது ஒரு வாரத்தில் 3 கிலோ. கணக்குப்படி ஏழு நாளைக்கு 421 வீதம் 2,947 கிராம் ஆகியிருக்க வேண்டும். 50 கிராம்தான் வித்தியாசம்.

உங்களுக்கு இவ்வளவு நெருக்கமாக வர வேண்டியதில்லை. வாரத்துக்கு 300 கிராம் வரை முன்னே பின்னே இருந்தால் நேரம் எழுதியதில் ஏற்பட்ட பிசகு என்று விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால்தான் தேட வேண்டும். ஒரே நாளில் எடை போட்டுப் பார்க்காதீர்கள். 100 கிராம் வரைதான் காட்டும் தராசில் 400 கிராமை அளந்தால் பிழையே கால்வாசி ஆகிவிடும்.

சிலிண்டர் கொண்டுவருபவரிடம் வாங்கும்போதே எடை போட்டுக் காட்டச் சொல்லலாம், அது உங்கள் உரிமை. தொடக்க எடை தெரியாமல் போடும் எந்தக் கணக்கும் அந்தரத்தில்தான் நிற்கும்.

கணக்குல 34 நாள் வந்துச்சுங்க. ஆனா 28 நாள்லயே தீந்துபோச்சு. கேஸ் கசியுதோன்னு பயமா இருக்கு.

கசிவைப் பார்ப்பது எப்போதும் முதல் வேலை, அதைத் தள்ளிப் போடாதீர்கள். சோப்பு நுரையை ரெகுலேட்டர் உட்காரும் இடத்திலும், டியூபின் இரு முனையிலும், அடுப்புத் திருகின் அடியிலும் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது கூடவே கூடாது. வாடை அடித்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குக் கூப்பிடுங்கள். டியூப் போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தால் கசிவு இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

ஆனால் அளவை யோசித்துப் பாருங்கள். 34 நாளுக்கு வர வேண்டியது 28 நாளில் தீர்ந்தால் நாளுக்கு 90 கிராம் போல அதிகம் போயிருக்கிறது. அது கசிவாக இருந்தால் இரவு பகலாக மணிக்கு மூன்று கிராமுக்கு மேல் வெளியேற வேண்டும். கேஸில் வாடைப் பொருளைச் சேர்ப்பதே மிகச் சிறிய கசிவும் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். அந்தக் கனத்த கேஸ் தரையோடு தேங்கும். காலையில் மூடிய சமையலறைக் கதவைத் திறந்தவுடன் வாடை தெரிந்திருக்கும். வாடையும் இல்லை, நுரையில் குமிழியும் இல்லை என்றால் கேஸ் அடுப்பில்தான் எரிந்திருக்கிறது.

அக்கா வீட்டில் ஒரு முறை இதேதான் நடந்தது. 34 நாள் வந்துகொண்டிருந்த சிலிண்டர் திடீரென்று 28, 29 நாளில் தீர்ந்தது. எழுதிய நேரத்தில் மாற்றம் இல்லை. கசிவும் இல்லை. பிறகு சிறிய பர்னரில் 2 லிட்டர் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். பத்தரை நிமிடம் ஆக வேண்டியது ஏழரை நிமிடத்தில் கொதித்துவிட்டது. தீ பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நக்கியது. அதற்கு முந்தின மாதம் அடுப்பை வேறொரு இடத்தில் சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சுத்தம் செய்தவர் சிறிய பர்னரில் பெரிய பர்னருக்கான ஜெட்டைப் போட்டுவிட்டார்.

ஜெட் என்பது கேஸ் வெளியே வரும் சின்னப் பித்தளைத் துண்டு. அதன் ஓட்டைதான் நிமிடத்துக்கு எவ்வளவு கேஸ் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. அக்கா வீட்டில் சிறிய பர்னர் நாளைக்கு 75 நிமிடம் முழுத்தீயில் எரிகிறது. 2 கிராம் எடுத்த இடத்தில் 3 எடுத்ததால் நாளுக்கு 75 கிராம் கூடுதல். 421 போய் 496 ஆனது. 14,200-ஐ வகுத்தால் 28.6. ஜெட்டை மாற்றியதும் பழையபடி 34 நாளுக்கு வந்துவிட்டது.

சர்வீஸ் முடிந்து அடுப்பு வீட்டுக்கு வந்தவுடன் இரண்டு பர்னரிலும் ஒரு முறை தண்ணீர் வைத்து நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

எங்க அடுப்புல முன்ன 7 நிமிஷம் ஆன தண்ணி இப்ப 9 நிமிஷம் ஆகுது. அப்ப கேஸ் கம்மியாத்தானே போகுது?

தீயின் நிறத்தைப் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. தண்ணீர்ச் சோதனையின் பெரிய குறை இதுதான். கேஸ் குறைந்தாலும் நிமிடம் கூடும், கேஸ் சரியாக எரியாவிட்டாலும் நிமிடம் கூடும். ஆனால் சிலிண்டர் வரும் நாளில் இரண்டுக்கும் விளைவு வேறு வேறு.

தீ நீலமாகவே இருக்கிறது, ஆனால் உயரம் குறைந்துவிட்டது என்றால் ஜெட்டில் அழுக்கு அடைத்திருக்கிறது. நிமிடத்துக்குப் போகும் கேஸ் நிஜமாகவே குறைவு. சமையல் மெதுவாகும், எழுதும் நிமிடங்கள் கூடும், ஆனால் சிலிண்டர் கிட்டத்தட்ட அதே நாள்தான் வரும். இந்த நேரத்தில் பழைய 3 கிராம் அளவையே வைத்துப் பெருக்கினால் சிலிண்டர் சீக்கிரம் தீரும் என்று கணக்கு வீணாகப் பயமுறுத்தும்.

தீயின் நுனி மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கரி பிடிக்கிறது என்றால் கதை வேறு. கேஸ் அதே 3 கிராம் வருகிறது. அதோடு கலக்க வேண்டிய காற்று வரவில்லை. பொங்கிய பால் பர்னர் துளைகளில் காய்ந்திருக்கும், அல்லது அடியில் இருக்கும் குழாயில் சிலந்தி வலை, ஒட்டடை. 9 நிமிடத்துக்கு 27 கிராம் எரித்து 21 கிராமின் வேலையைச் செய்கிறீர்கள். இங்கே 21-ஐ 9-ஆல் வகுத்து "நிமிடத்துக்கு 2.3 கிராம்தான்" என்று மகிழ்ந்தால் ஏமாந்துபோவீர்கள். பர்னர் மூடியை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துளைகளைக் குத்தூசியால் சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். ஆனால் ஜெட்டுக்குள் ஊசி விடாதீர்கள். ஓட்டை பெரிதாகிவிட்டால் அக்கா வீட்டுக் கதைதான்.

நாங்க ரெண்டு பேர்தானுங்க. நாலு பேர் வீட்டுக்கு 45 நாள்னா எங்களுக்கு 90 வரணுமில்ல?

வராது. இட்லிப் பானை அடியில் இருக்கும் தண்ணீர் இரண்டு பேருக்கும் அதே அளவுதான் கொதிக்க வேண்டும். குக்கரும் தோசைக்கல்லும் சூடேறும் நேரமும் குறையாது. அக்கா வீட்டுச் சாதாரண நாளின் அதே சமையலை இரண்டு பேருக்கு எழுதிப் பார்த்தேன். இட்லி ஒரே ஈடு, தோசை பாதி நேரம், மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குறைவு. 291 கிராம் 206 ஆனது. 69 நாள். ஆள் பாதியானாலும் கேஸ் பத்தில் மூன்று பங்குதான் குறைகிறது.

விருந்தாளி வந்தாலும் இதே நியாயம்தான். இரண்டு பேர் கூடினால் செலவு ஒன்றரை மடங்கு ஆகிவிடாது. ஆனால் அவர்கள் குளிக்கக் கேஸில் வெந்நீர் வைத்தால், அது ஆளுக்கு 50 கிராம் வீதம் அப்படியே ஏறும்.

ஈரத்துணி போட்டுத் தொடச்சுப் பாத்தா மீதி எவ்வளவுன்னு தெரியும்ங்கறாங்களே, நிசமா?

தெரியும். சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். திரவம் இருக்கும் பகுதி மெதுவாகக் காயும், அதற்கு மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். நடுவில் ஒரு கோடு தெரியும். சமைத்து முடித்தவுடன் பார்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும்.

அந்தக் கோட்டைப் படிப்பதில்தான் கவனம் வேண்டும். சிலிண்டரின் உள்ளளவு 33 லிட்டருக்குச் சற்று மேல். புதுச் சிலிண்டரிலேயே திரவம் முழுவதும் நிறைந்திருக்காது, 14.2 கிலோ என்பது ஏறத்தாழ 26 லிட்டர், மேலே ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டே நிரப்புவார்கள். அதனால் கோடு சரிபாதி உயரத்தில் இருந்தால் மீதி 7 கிலோ அல்ல, ஏறத்தாழ 9 கிலோ. அக்கா வீட்டுச் செலவில் பார்த்தால் அது 21 நாள். பாதி என்று நினைத்திருந்தால் 17 நாள் என்று சொல்லியிருப்போம்.

தீ சின்னதா எரிஞ்சா தீரப்போகுதுன்னு அர்த்தமா?

அதை நம்பி இருக்காதீர்கள். சிலிண்டரில் திரவம் இருக்கும் வரை அது ஆவியாகி அழுத்தத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதை ரெகுலேட்டர் ஒரே அளவுக்குக் குறைத்து அனுப்புகிறது. அதனால் 10 கிலோ இருக்கும்போதும் 1 கிலோ இருக்கும்போதும் தீ ஒரே மாதிரிதான் எரியும். தீ சுருங்குவது உங்கள் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் அடுத்த வேளைச் சமையலுக்கே கேஸ் இருக்காது. குளிர்காலத்து விடியற்காலையில் மட்டும், அடியில் கொஞ்சம் மீதி இருக்கும்போது தீ சற்று மந்தமாகி, வெயில் ஏறியதும் சரியாகும்.

திருப்பூர்ல ரூம் எடுத்து மூணு பேர் இருக்கோம். 5 கிலோ சிலிண்டர்தான். அதுக்கும் இதே கணக்கா?

அதே கணக்குதான், 14,200-க்குப் பதில் 5,000. கம்பெனிக்குப் போகும் ஆட்கள் பெரும்பாலும் காலையில் சாதமும் ஒரு குழம்பும், ராத்திரி ஒரு சமையலும் டீயும்தான் வைப்பீர்கள். நாளுக்கு 200 கிராம் என்றால் 25 நாள். சிலிண்டர் மேலேயே மாட்டும் ஒற்றை பர்னர் என்றால் மேலே சொன்ன 3, 2 கிராம் அளவுகளை எடுக்காதீர்கள். தண்ணீர் வைத்துப் பார்த்து உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள். 5 கிலோவில் நாளுக்கு 50 கிராம் தவறினாலே ஐந்து முதல் எட்டு நாள் மாறிவிடும்.

ஒத்தைச் சிலிண்டர்தான் வெச்சிருக்கோம். எப்ப புக் பண்றது?

புதுச் சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள். கணக்குப்படி தீரும் தேதியிலிருந்து பத்து நாள் முன்னதாக இன்னொரு குறி போடுங்கள். 34 நாள் வீட்டில் அது 24-ஆம் நாள். அன்றைக்கு ஈரத்துணியிலோ தராசிலோ ஒரு முறை பார்க்க வேண்டும். அக்கா வீட்டில் அன்று 4 கிலோவுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். அதாவது தராசில் 20 கிலோவை ஒட்டி. இருந்தால் உங்கள் ஊரில் புக் செய்து சிலிண்டர் வர எத்தனை நாள் ஆகிறதோ, அதோடு இரண்டு நாள் சேர்த்து முன்கூட்டிப் புக் செய்யுங்கள். 3 கிலோதான் இருக்கிறது என்றால் ஆறேழு நாள்தான் மீதி. அன்றைக்கே புக் செய்துவிட்டு, அந்த வாரத்திலேயே இரண்டு பர்னரிலும் 2 லிட்டர் தண்ணீர் வைத்துப் பாருங்கள்.